பொதி வந்திருப்பதாக ஒரு குறுஞ்செய்தி



கட்டுக்கரைக் கிராமங்களுக்குச் சென்றுவரும் எமது வெளிக்களப் பணியாளர்களை மனதில் வைத்து இம்மாதம் எழுதுகிறேன். வெளிநாட்டில் உறவுகள் உள்ள எல்லோருக்கும் இது பயன்படும்.

“உங்கள் பொதி வந்துவிட்டது. முகவரி சரியில்லாததால் விநியோகிக்க முடியவில்லை. உடனே கீழுள்ள இணைப்பில் திருத்துங்கள்” என்ற கருத்தில், தபால் திணைக்களத்தின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இது மோசடி என்று திணைக்களம் 2024இலேயே எச்சரித்தது. ஆனாலும் கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் பொதியைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு இது உண்மையாகத்தானே தோன்றும்?

அப்படி ஒரு சகோதரி இணைப்பை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். பெயர், முகவரி கேட்ட பின், மீள்விநியோகக் கட்டணமாக ஒரு சிறு தொகை கேட்கும். சிறு தொகைதானே என்று வங்கி அட்டையின் இலக்கத்தையும், பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் கொடுப்பார். அந்த நேரமே மோசடிக்காரர் அந்த அட்டையால் வேறெங்கோ பெருந்தொகைக்குப் பொருள் வாங்க முயல்வார். அதற்காக வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு சகோதரியின் தொலைபேசிக்கே வரும். அதையும் அந்தப் பக்கம் கேட்கும். குறியீடு வந்த செய்தியில் பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். அதை வாசித்தாலே களவு தெரிந்துவிடும். அவசரத்தில் நாம் இலக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். அஸ்வெசும பணம் விழுவதும் பெரும்பாலும் அதே கணக்கில்தான்.

திணைக்களத்தின் உண்மையான முகவரி slpost.gov.lk. போலி முகவரியிலும் slpost இருக்கும், gov கூட இருக்கும். ஆகையால் முன்பகுதியைப் பார்க்க வேண்டாம். https:// என்பதற்குப் பின் வரும் முதற் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் .gov.lk என்று புள்ளிகளோடு முடிகிறதா என்று பாருங்கள். gov-lk என்று சிறுகோடு இருந்தாலோ, .top என்று முடிந்தாலோ அது போலி. அனுப்பிய இலக்கம் +94 அல்லாத வெளிநாட்டு இலக்கமாக இருப்பதும் ஓர் அடையாளம். சில செய்திகள் “Y என்று பதில் அனுப்புங்கள்” என்று கேட்கும். அறியாத இலக்கத்திலிருந்து வரும் இணைப்பைச் சில தொலைபேசிகள் திறக்க விடுவதில்லை. நாம் பதில் போட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். பதிலே போடாதீர்கள். பொதி பற்றிச் சந்தேகமானால் உங்கள் தபாற்கந்தோரில் கேளுங்கள்.

விபரம் கொடுத்துவிட்டால் முதலில் வங்கிக்கு. அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். இரவானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து, இலங்கை கணினி அவசர தயார்நிலை அணிக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். பணம் போயிருந்தால் பொலிஸிலும் முறையிடுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. அலுவலகத் தொலைபேசிக்கு வந்திருந்தால் அன்றே கணக்குப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். சங்கச் சேமிப்புக் கணக்கின் குறியீடுகளும் அந்தத் தொலைபேசிக்கே வரக்கூடும்.