"வரை" என்ற வார்த்தைக்கு மாசாமாசம் காசு கட்டுறோம்

பட்டணத்து நண்பர்களே, எங்க ஊருக்கு இன்டர்நெட் குடுக்குற கம்பெனிக்கு நான் எழுதின புகார்க் கடிதம் இது. அங்க இருந்து பதில் வரல. நீங்களாவது படிங்க.

ஐயா,

நான் கட்டுறது 40 எம்பிபிஎஸ் பிளானுக்கு. லீவுக்கு வந்த என் மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு 100 ஜிபி கேம் ஒண்ணை இறக்கப் போட்டான். செவ்வாய்க்கிழமை விடியக்காலை 6 மணிக்குத்தான் முடிஞ்சுது. 84 மணி நேரம்.

உங்க பிளான்ல சொல்றது பிட் கணக்கு. கேம் அளவு பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தா 1 பைட். அப்ப 40 எம்பிபிஎஸ்னா ஒரு நொடிக்கு 5 எம்பி இறங்கணும். அந்தக் கணக்குப்படி 100 ஜிபிக்கு அஞ்சரை மணி நேரம் போதும். நீங்க எடுத்துக்கிட்டது மூன்றரை நாள்.

உங்க ஆள் போன்ல "வைஃபை கோளாறு, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னார். நாங்க மோடத்துல இருந்து லேப்டாப்புக்கு நேரா வயர் போட்டே பார்த்தோம். வேற எதையும் ஓட்டாம வேகத்தை அளந்தோம். பகல்லயும் ராத்திரியிலயும் 2 சொச்சம். ஊரே தூங்குற 3 மணியில இருந்து 5 மணி வரைக்கும் மட்டும் 10. மாச டேட்டா அளவும் தீரல. எங்க வீட்டு வயர்லயோ மோடத்துலயோ கோளாறுன்னா அது 3 மணிக்கும் அப்படியேதானே இருக்கும்? ஊர் படுத்ததும் வேகம் ஏறுதுன்னா, வர்ற லைன் பத்தாம அதுல வீடுகளை அடைச்சிருக்கீங்கன்னு அர்த்தம். வாய்க்கால் தண்ணியைத் தலைமடையில அள்ளி வித்துட்டு, கடைமடைக்காரன்கிட்ட "உன் வரப்புல ஓட்டை"ன்னு சொல்ற கதை இது.

"40 வரை"ன்னுதான் போட்டிருக்கோம்னு சொன்னீங்க. நான் பால் ஊத்தப் போறப்ப "10 லிட்டர் வரை"ன்னு சொல்லி 2 லிட்டரை ஊத்தினா, சொசைட்டியில 10 லிட்டருக்குக் காசு குடுப்பாங்களா? பில்லுல மட்டும் "வரை" கிடையாது. அது முழுசா வருது.

"கேம்தானே சார்"னு சிரிச்சாரு உங்க ஆள். மகன் எதை இறக்கினாலும் நான் கட்டின காசு ஒண்ணுதான். பிராட்பேண்டுன்னு சொல்லணும்னா குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் இருக்கணும்னு அரசாங்கம் 2023ல மாத்தி வச்சது. 40க்குக் காசு வாங்கிட்டு அந்த அடிமட்டத்துலயே எங்களை நிறுத்துறீங்க.

கேக்குறது ரெண்டுதான். சாயங்காலம் 8 மணிக்கு குறைஞ்சது எவ்வளவு வேகம் தருவீங்கன்னு எழுத்துல குடுங்க. அதுக்குக் கீழ போன நாளுக்குப் பில்லுல கழிங்க. புகார் எண் வாங்கி வச்சிருக்கேன். தேதி, மணி போட்டு ஒரு வார வேகத்தையும் நோட்டுல எழுதி இத்தோட வச்சிருக்கேன். இதுக்கும் பதில் இல்லேன்னா உங்க கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு இதே நோட்டு போகும்.