மனமும் கையும் சேரும் அந்த ஒரு கணம்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். கோயில் வாசலில் ஆயிரக்கணக்கான செருப்புகள் கலந்து கிடக்கின்றன. தரிசனம் முடித்து வெளியே வரும் ஒருவர், தன்னுடையது என்று நினைத்து, அதே நிறத்தில் இருக்கும் வேறொருவரின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவர் திருடரா?

'இல்லை' என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் இல்லை என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்லத் தெரிந்தால், முதலாமாண்டு சட்ட மாணவர்களை மிரட்டும் இரண்டு லத்தீன் சொற்களும் புரிந்துவிட்டன என்று பொருள். ஒன்று 'ஆக்டஸ் ரியஸ்', அதாவது குற்றச் செயல். மற்றொன்று 'மென்ஸ் ரியா', அதாவது குற்ற மனம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு திருட்டைப் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 378-வது பிரிவு. ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு நகர்த்துவதுதான் திருட்டு. நகர்த்துவது செயல்; நேர்மையற்ற எண்ணம் மனம். செருப்பை மாற்றிப் போட்டவரிடம் செயல் இருக்கிறது, மனம் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் விலை உயர்ந்த செருப்பு ஒன்றைப் பார்த்து, 'எடுத்துவிடலாமா?' என்று ஆசைப்பட்டு, கடைசியில் கையை நீட்டாமலே போய்விடுகிறார். அவரிடம் மனம் இருக்கிறது, செயல் இல்லை. இருவருமே திருடர்கள் இல்லை.

இதுவரை எளிது. சிக்கல் மூன்றாவது ஆளிடம் வருகிறது. அவரும் தவறுதலாகத்தான் செருப்பை மாட்டினார். பஸ் ஸ்டாண்ட் வந்து, வெளிச்சத்தில் பார்த்ததும் அது தன்னுடையது இல்லை என்று தெரிகிறது. 'பரவாயில்லை, என்னுடையதைவிடப் புதிதாக இருக்கிறது' என்று அப்படியே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். இப்போது செயலும் இருக்கிறது, கெட்ட எண்ணமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை. எடுத்தபோது எண்ணம் சுத்தம். எண்ணம் கெட்டபோது எடுத்து முடித்தாகிவிட்டது.

இதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. தன்னுடையது என்று நம்பி எடுத்தவர் திருட்டுக் குற்றவாளி அல்ல. ஆனால் தவறு தெரிந்த பிறகும் நேர்மையின்றித் தன்னதாக்கிக்கொண்டால் கையாடல் குற்றவாளி என்று 314-வது பிரிவின் எடுத்துக்காட்டு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 403. அவர் தப்பிக்கவில்லை, குற்றத்தின் பெயர் மாறுகிறது. எண்ணம் கெட்ட பிறகு அவர் செய்தது எதுவோ, அதற்கான குற்றமே அவர் மேல் நிற்கிறது.

செருப்பு விஷயத்தில் இது சின்ன வித்தியாசம். ஓர் உயிர் போன வழக்கில் இதே கேள்வி வந்தால்?

1919-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வின் முன் அப்படியொரு வழக்கு வந்தது. இன்றும் இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பழனி கவுண்டன் வழக்கு அது. கணவர், மனைவியின் தலையில் கலப்பைக் கொழுவால் ஓர் அடி அடித்தார். மனைவி நினைவிழந்து விழுந்தார். இறந்துவிட்டார் என்று நினைத்த கணவர், தற்கொலை போலக் காட்டுவதற்காக அவரை உத்தரத்தில் கயிற்றால் தொங்கவிட்டார். உண்மையில் அப்போது மனைவிக்கு உயிர் இருந்தது. அவர் உயிரைப் பறித்தது அந்த அடி அல்ல, கயிறு.

இதைப் படித்ததும் 'இது கொலைதானே?' என்று தோன்றும். நீதிபதிகள் சம்பவத்தை இரண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் துண்டு, அடி. அதில் காயப்படுத்தும் மனம் இருந்தது. ஆனால் கொல்லும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை. அந்த அடி மரணம் விளைவிக்கக்கூடியது என்பதும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவது துண்டு, தூக்கு. அதுதான் உயிரைப் பறித்த செயல். அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது, பிணம் ஒன்றை மறைக்கும் எண்ணம். கொல்லும் எண்ணம் என்றால் அது உயிரோடு இருப்பதாகத் தான் அறிந்த ஒருவரை நோக்கியதாக இருக்க வேண்டும். பிணம் என்று நம்பியவரிடம் அந்த எண்ணம் இருக்க முடியாது.

எனவே தலைமை நீதிபதி வாலிஸ் தலைமையிலான அமர்வு, இது கொலைக் குற்றம் ஆகாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும் ஆகாது என்று முடிவு செய்தது. அதோடு, முதலில் தாக்கியதற்கும், பொய்யான தடயத்தை உருவாக்க முயன்றதற்கும் அவரைத் தண்டிக்கலாம் என்றும் சொன்னது. அவர் விடுதலை ஆகவில்லை. கொடுங்காயம் விளைவித்த குற்றம் அவர் மேல் நின்றது. பஸ் ஸ்டாண்டில் நின்ற செருப்புக்காரருக்குப் போட்ட அதே கணக்குதான்.

ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கிறதே, இது நியாயமா என்ற உறுத்தல் எழாமல் இருக்காது. உயிர் இருக்கிறதா என்று மூக்கருகே கை வைத்துக்கூடப் பார்க்காமல் தொங்கவிட்டவர் மேல், அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றமாவது சுமத்தியிருக்கலாமே என்ற விமர்சனம் உண்டு. நியாயமான விமர்சனம்தான். அதுவும் மனநிலை பற்றிய கேள்வியே என்பதைக் கவனிக்க வேண்டும். நோக்கம், அறிந்து செய்தல், நேர்மையின்மை, அசட்டுத் துணிச்சல், அலட்சியம் எனச் சட்டம் குற்ற மனதுக்குப் பல படிகள் வைத்திருக்கிறது. 'மென்ஸ் ரியா' என்ற சொல்லைச் சட்டப் பிரிவுகளில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பிரிவிலும் இந்தச் சொற்களில் எது இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, எல்லாம் பழனி கவுண்டன் வழக்கு போலத்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. 1943-ல் அதே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு தவமணி வழக்கு வந்தது. ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணத்தோடே தாக்கினார்கள். இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். அவர் இறந்தது தண்ணீரில் மூழ்கியதால். இங்கும் கடைசிச் செயலின்போது அவர்கள் அவரைப் பிணம் என்றே நம்பினார்கள். ஆனால் தீர்ப்பு, கொலை. தொடக்கத்திலேயே கொல்லும் நோக்கம் இருந்தது. தாக்கியதும் கிணற்றில் போட்டதும் ஒரே நிகழ்வின் நெருங்கிய இரண்டு பகுதிகள். எனவே முதல் எண்ணம் கடைசிச் செயல் வரை நீள்கிறது என்றது நீதிமன்றம். 1954-ல் தாபோ மெலி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஏறக்குறைய இதே வழியில் சென்றது.

இரண்டு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாடு கயிறும் கிணறும் அல்ல. முதல் அடி விழுந்தபோது மனதில் என்ன இருந்தது என்பதே. மனதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் எந்த ஆயுதம், உடலின் எந்தப் பகுதி, எத்தனை அடி, எவ்வளவு வேகம், முன்பே திட்டமிட்ட அடையாளம் உண்டா என்று நீதிமன்றம் வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருந்ததை ஊகிக்கிறது.

தேர்வில் இப்படியொரு கதை வந்தால், பெரும்பாலான மாணவர்கள் 'செயல் உண்டு, மனம் உண்டு, ஆகவே குற்றம்' என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். முதலில், உயிரைப் பறித்த செயல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, அந்தச் செயலின்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அப்போது கொல்லும் மனம் இல்லை என்றால், தொடக்கத்தில் இருந்ததா, இரண்டும் ஒரே நிகழ்வா என்று பார்க்க வேண்டும். அதற்கும் இல்லை என்று விடை வந்தால் பேனாவை மூடிவிடக் கூடாது. கொலை விழாத இடத்தில் எந்தக் குற்றம் நிற்கிறது என்பதையும் எழுதினால்தான் விடை முழுமையாகும்.