சும்மா இருக்கிற நேரமா அது?

"வீட்ல சும்மாதானே இருக்கீங்க, டிவி பார்த்துக்கிட்டே உருட்டலாம்." கவரைப்பேட்டைப் பக்கம் ஊதுபத்திக்குச் சரக்கு இறக்க வருகிற ஏஜென்ட் இப்படிச் சொன்னால் கோபம் வரவில்லை, அது அவர் பிழைப்பு. உருட்டுகிற பெண்ணின் புருஷனும் மாமியாரும், ஏன் அந்தப் பெண்ணேகூட அதையே சொல்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் போனால் அது ஷிப்டு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து செய்தால் 'கைச்செலவுக்கு ஏதோ'.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஆயிரம் குச்சிக்கு 50 ரூபாய் என்று பேச்சு. "மூணரை மணி நேரத்துல முடிச்சிடுவேன்" என்றார். முடித்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அக்கா ஒருமுறைகூட நிமிரவில்லை.

ஆனால் உருட்டுவது மட்டுமா வேலை? கரித்தூளையும் ஜிகட் பொடியையும் சலித்துப் பிசைய 25 நிமிடம் போயிற்று. மாவு இளகினால் குச்சியில் நிற்காது, இறுகினால் காயும்போது வெடிக்கும். நிழலில் பரப்பித் திருப்ப 20 நிமிடம், எண்ணிக் கட்ட 25, ஏஜென்ட் வீட்டுக்குப் போய்வர 40. ஆக மொத்தம் 5 மணி 20 நிமிடம்.

காசைப் பாருங்கள். வளைந்தது, நுனி மெலிந்தது என்று 50 குச்சியைக் கழித்தார்கள். கையில் வந்தது 47.50, அதில் ஷேர் ஆட்டோவுக்கு 10 போயிற்று. மணிக்கு ஏழு ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2025-26இல் ஒரு நாள் கூலி 336. எட்டால் வகுத்தால் மணிக்கு 42. அந்த அளவுக்கு வர, கழிவையும் ஆட்டோவையும் சேர்த்து, ஆயிரத்துக்குச் சுமார் 245 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும்.

"அவ்வளவு கொடுத்தா மெஷின்லயே போட்டுக்குவேன்" என்பார் ஏஜென்ட். உண்மையாகவே இருக்கலாம். மெஷினோடு போட்டி போட அக்காவின் கையை மலிவாக்குகிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதை நியாயமான ரேட் என்று சொல்லாதீர்கள். "வேகமானவங்க ரெண்டாயிரம் போடுறாங்களே" என்பது இன்னொரு சாக்கு. பிரிட்டனில் சராசரி வேகத்தை அளந்து, அதையும் 1.2ஆல் வகுத்துத்தான் பீஸ் ரேட் நிர்ணயிக்கிறார்கள். மெதுவான கைக்கும் குறைந்தபட்சக் கூலி வர வேண்டுமே!

நம் சட்டத்துக்கும் இது புதிதல்ல. மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த தொழிலில் பீஸ் கணக்கில் வேலை வாங்கினாலும் அதற்குக் குறையக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொன்னது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் வீட்டிலிருந்து செய்கிற வேலைக்கு மஸ்டர் ரோல் ஏது? எண்ணிக்கையும் ரேட்டும் ஏஜென்டின் நோட்டில் மட்டும் இருந்தால், வழக்கு எதை வைத்துப் போடுவது?

அதனால் முதல் ஆயிரத்தைக் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள், சலிப்பது முதல் கொண்டுபோய்க் கொடுப்பது வரை. உங்கள் நோட்டிலும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கழித்த குச்சியைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், அது கழிவே அல்ல.