எல்லாத் தோலும் சாறுக்கு ஆகாது



காய் நறுக்கின தோல், காம்பு எதையும் வீணாக்காமல் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் 'வெஜிடபிள் ஸ்டாக்' தயார் என்று சமையல் நிகழ்ச்சிகளில் சொல்கிறார்கள். நம் ஊரிலும் பலர் செய்து பார்த்துவிட்டு, "ஒரே கசப்பு, ரசமே வீணாப் போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். குறை சாறில் இல்லை. 'எதையும் வீணாக்காதே' என்ற பேச்சில்தான் இருக்கிறது. சாறுப் பாத்திரம் குப்பைத் தொட்டி இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அப்படித்தான் குறைப்பட்டுக் கொண்டார். அன்று சாம்பாருக்கு உரித்த சின்ன வெங்காயத் தோல் ஒரு குவியல், முள்ளங்கித் தோல், முட்டைக்கோஸ் தண்டு, கேரட் தோல், கொத்தமல்லிக் காம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டிருந்தார். எது கசந்தது என்று தெரிந்துகொள்ள, மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் மூன்று சின்னப் பாத்திரங்களில் தனித்தனியாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கழிவு, இரண்டு டம்ளர் தண்ணீர்.

கேரட் தோலும் கொத்தமல்லிக் காம்பும் போட்டது இருபது நிமிடத்தில் லேசான இனிப்போடு நல்ல வாசனையாக இருந்தது. முட்டைக்கோஸ் தண்டும் முள்ளங்கித் தோலும் போட்டது பத்து நிமிடத்தில் சுமாராக இருந்தது. அரை மணிக்கு மேல் போனதும் அழுகின முட்டை மாதிரி நாற்றம், நாக்கில் கசப்பு. இந்த இரண்டோடு காலிஃபிளவர், நூல்கோல் எல்லாமே ஒரே குடும்பம். இவற்றில் கந்தகச் சத்து உண்டு. வேக வேக அது உடைந்து நாற்றமாக வெளியே வரும், மூடி வைத்தால் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே இவை சாறுக்கு வேண்டாம். முட்டைக்கோஸ் தண்டைப் பொடியாக நறுக்கிக் கூட்டில் போடலாம். காலிஃபிளவர் தண்டின் மேல்நாரை உரித்தால் உள்ளே இருப்பது பொரியலுக்கு நன்றாக இருக்கும்.

மூன்றாவது பாத்திரம் வெங்காயத் தோல். அதன் காய்ந்த சருகு இரண்டு மூன்று போட்டால் தேன் நிறம் கொடுக்கும். பிடி பிடியாகப் போட்டால் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். சாம்பாருக்கு நாம் சின்ன வெங்காயம் நிறைய உரிப்பவர்கள். கசப்புக்கு முதல் காரணம் பல வீடுகளில் அந்தச் சருகுதான். வேர்ப்பக்கம் மண்ணும், தோலில் கரும்பூசணமும் ஒட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

இவை தவிர வெந்தயக்கீரைக் காம்பு, கத்தரிக்காயின் தொப்பிக் காம்பு, எலுமிச்சைத் தோலின் வெள்ளைப் பகுதி, பாகற்காயின் எந்தப் பகுதியும் கசப்பு கொடுக்கும். பட்டாணித் தோடு, கேரட் தோல், பீன்ஸ் முனை, தக்காளியின் அடிப்பகுதி, கொத்தமல்லிக் காம்பு, முருங்கைக்கீரைக் காம்பு, கசப்பில்லாத பீர்க்கங்காய்த் தோல் ஆகியவை நல்லவை. இதில் பட்டாணித் தோட்டுக்கு நிகர் இல்லை, சாறே இனிக்கும். பீட்ரூட் தோல் கசக்காது, ஆனால் மண்வாசனையும் சிவப்பும் வரும்.

இதுவரை சொன்னது வெறும் ருசிக் கசப்பு. குடித்தால் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். இன்னொரு கசப்பு இருக்கிறது. அதுதான் நான் இந்தக் கடிதம் எழுதவே காரணம்.

சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் இவை சில சமயம் கசந்துவிடும். பார்வைக்கு நல்ல காய் மாதிரியே இருக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிடாசின் என்கிற நச்சுப் பொருளால் வருவது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய் சாறு குடித்த ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசந்த சுரைக்காய் சாறைக் குடிக்கக் கூடாது, அதைக் குடித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அறிவுரை சொன்னது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. "பாகற்காய் மாதிரி கசப்பு உடம்புக்கு நல்லதுதானே" என்று நினைத்துவிடாதீர்கள். பாகற்காய்க்குக் கசப்பு பிறவிக்குணம். சுரைக்காய் கசந்தால் அது எச்சரிக்கை.

இதற்குச் சோதனை எளிது. நறுக்கும்போதே காம்புப் பக்கத்திலிருந்து கடுகளவு சதையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். கசந்தால் தோல், சதை, விதை எல்லாமே தள்ளுபடி. வெள்ளரியை நுனி வெட்டித் தேய்த்தால் கசப்பு போய்விடும் என்று சொல்வதை நம்பி அந்த நுனியைச் சாறில் போடாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம், குழியில் போட்டு மூடிவிடுங்கள். உருளைக்கிழங்கில் பச்சை பாய்ந்த தோலும் முளையும் இதே மாதிரிதான். அந்த நச்சும் வேக வைத்தால் போகாது.

இனி செய்முறை. முதலில் காயை நறுக்குவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மருந்தும் மண்ணும் தோலில்தானே இருக்கிறது! கழுவின தோலும் காம்புமாக இரண்டு பெரிய பிடி, அதாவது சுமார் கால் கிலோ. அதற்கு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர், நாலு மிளகு, ஒரு துண்டு இஞ்சி. உப்பு இப்போது வேண்டாம், பிறகு சேர்க்கிற குழம்பில் கூடிவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் வைத்தால் ருசி ஏறாது, கசப்புதான் ஏறும். வடிகட்டியில் ஊற்றித் தானாக வடிய விடுங்கள். கரண்டியால் அழுத்திப் பிழிந்தால் சாறு கலங்கி, துவர்ப்பும் சேரும். முக்கால் லிட்டர் அளவு கிடைக்கும். பருப்பு வேக வைக்க, ரசம் கூட்ட, உப்புமாவுக்கு எல்லாம் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றலாம். நன்றாக ஆறவைத்து பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். பிரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

வடித்ததும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள். லேசாகக் கசந்தால், போட்டது வெங்காயத் தோலும் கோஸும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் புளி சேர்த்து ரசத்தில் ஒப்பேற்றிக் கொள்ளலாம். சுரை, வெள்ளரி, பீர்க்கு ஏதாவது அதில் இருந்தால் புளியும் வெல்லமும் போட்டு மறைக்கவே கூடாது. மறைவது கசப்பு மட்டும்தான், நஞ்சு அப்படியே இருக்கும். அந்தச் சாறைக் கீழே ஊற்றிவிடுங்கள். போவது கால் கிலோ தோல்தானே!

அரிவாள்மணைப் பக்கத்தில் இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டால் போதும். சாறுக்கு ஒன்று, குழிக்கு ஒன்று. எதை எதில் போடுவது என்பதை உங்கள் நாக்கு சொல்லிவிடும்.

- ஒரு வாசகி, கந்தர்வக்கோட்டை.