எத்தனையா, எவ்வளவா?

போன செமஸ்டரில எங்கட குழு கிராமப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை பற்றி ஆங்கிலத்தில ஒரு பிரசன்டேஷன் செய்தது. அந்தப் பாடசாலைகளில் ‘லெஸ் ட்ரெயின்ட் டீச்சர்ஸ்’ இருக்கிறார்கள் என்று மூன்றாவது ஸ்லைட்டில போட்டிருந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர்களின் எண்ணிக்கை குறைவு என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

பின்வரிசையில இருந்து ஒரு அக்கா கை தூக்கினா. “எங்கட அம்மாவும் கிராமப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவதான். அவ ஒழுங்காப் பயிற்சி எடுக்கேல்லை எண்டோ சொல்லுறீங்கள்?”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்லைட்டைத் திரும்ப வாசித்தபோதுதான் பிடிபட்டது. ‘லெஸ்’ ஆசிரியர்களோடு ஒட்டாமல் ‘ட்ரெயின்ட்’ என்ற சொல்லோடு ஒட்டிவிட்டது. குறைந்த பயிற்சி உள்ள ஆசிரியர்கள் என்று அர்த்தம் வந்துவிட்டது. ‘ஃபியூவர் ட்ரெயின்ட் டீச்சர்ஸ்’ என்று போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது. ‘ஃபியூவர்’ பயிற்சியின் அளவைச் சொல்லாது, ஆட்களின் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும்.

இந்த இரண்டு சொல்லிலும் நாங்கள் தடுக்கி விழுவதற்குக் காரணம் இருக்கு. தமிழில் ஆட்களும் குறைவு, தண்ணியும் குறைவு. ஒரே சொல்தான். ஆனால் கேள்வி கேட்கும்போது தமிழும் பிரித்துத்தான் கேட்கும். கடையில் “எத்தனை முட்டை?” என்று கேட்கிறோம், “எவ்வளவு சீனி?” என்று கேட்கிறோம். சீனியும் தனித்தனிப் பருக்கைதான், ஆனால் அதை ஆரும் எண்ணி வாங்குவதில்லை. எத்தனை என்று கேட்கும் இடத்தில் ‘ஃபியூவர்’, எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் ‘லெஸ்’. தேத்தண்ணிக்கு ‘லெஸ்’, எத்தனை கப் என்று எண்ணினால் ‘ஃபியூவர்’.

காசிலதான் கனபேர் குழம்புவது. 500 ரூபாயை எண்ணலாம்தானே, ஏன் ‘லெஸ்’ என்று கேட்பார்கள். பஸ்ஸில ஏறி “எத்தனை?” என்று கேட்கிறோமா? “எவ்வளவு?” என்றுதான் கேட்கிறோம். 500 என்பது அங்கே ஐந்நூறு தனிப்பொருட்கள் அல்ல, ஒரு தொகை. அதனால் ‘லெஸ்’. பையில் இருக்கிற தாள்களை எண்ணினால்தான் ‘ஃபியூவர்’. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதும் அப்படித்தான். மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு, ஐந்து கிலோமீற்றருக்கும் குறைவு என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘லெஸ்’தான் வரும். எண் இருக்கிறதா என்பது கணக்கில்லை. அந்த எண் தனித்தனியான பொருட்களைச் சொல்கிறதா, ஒரே அளவைச் சொல்கிறதா என்பதுதான் கணக்கு.

இந்தச் சோதனை கவிழ்கிற இடமும் இருக்கு. தமிழில் தகவல்கள், தளபாடங்கள் என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’ இரண்டும் பன்மை எடுக்காது. வகுப்பில் பத்துக் கதிரை குறைந்தாலும் ‘ஃபர்னிச்சர்’ என்று சொன்னால் ‘லெஸ்’தான், கதிரைகள் என்று சொன்னால் ‘ஃபியூவர்’. ஆகவே எத்தனை என்று கேட்டதோடு நிற்காமல், அந்த ஆங்கிலச் சொல் பன்மையில் வருமா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழை. எண்ணக்கூடியவைக்கும் ‘லெஸ்’ போடுவது ஆங்கிலத்தில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1770இல் ரொபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கைக்கு ‘ஃபியூவர்’ நல்லது என்று தன் விருப்பமாகத்தான் எழுதினார். பிறகு வந்த புத்தகங்கள் அதைச் சட்டமாக்கிவிட்டன. 2008இல்கூட பிரித்தானியாவின் டெஸ்கோ கடைகள், பத்துப் பொருள் ‘அல்லது லெஸ்’ என்ற பலகையை விட்டு ‘பத்துப் பொருள் வரை’ என்று எழுதப் போனது, இந்தச் சண்டையில் இருந்து தப்பத்தான்.

அதனால் ஆராவது ‘லெஸ் பீப்பிள்’ என்று கதைத்தால் இடையில் மறித்துத் திருத்துவதை நாங்கள் ஏற்கமாட்டோம். அவர் சொன்னது எல்லோருக்கும் விளங்கும். அவர் அதற்குப் பிறகு வாய் திறக்காமல் விடுவதுதான் நட்டம். பரீட்சைத் தாளில், கட்டுரையில் சரியாக எழுதுவோம், அங்கே புள்ளி போகும். ஆனால் ‘லெஸ்’சுக்குப் பின்னால் ‘ட்ரெயின்ட்’ மாதிரி ஒரு சொல் வந்து நின்றால் மட்டும் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். அங்கே குறைவது ஆட்களா, அவர்களின் தகுதியா என்பதே மாறிப்போகும்.

நாங்கள் ஸ்லைட்டைத் திருத்தி அந்த அக்காவுக்கும் அனுப்பினோம். “இப்ப சரி, அம்மாவுக்கும் காட்டுறன்” என்று பதில் வந்தது.