பாப்பா தூங்குறா பெரியத்தை, நாலு மணிக்கு வாங்க

குழந்தை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சட்டை, கிலுகிலுப்பை, பிஞ்சுக் கையில் திணிக்க ஒரு ரூபாய் நோட்டு என்று ஏதாவது இருக்கும். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குழந்தை கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அது தூளியில் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

மதுரையில் ஒரு வீடு. குழந்தைக்கு மூன்றரை மாதம். மாமியாரின் அக்கா ராஜபாளையத்திலிருந்து மறுபடி வருவதாகச் சொன்னதும், குழந்தையின் அம்மா முதலில் ‘பாப்பா தூங்கினா எழுப்ப வேண்டாம்’ என்று ஒற்றை வரியை வாட்ஸ்அப்பில் தட்டினார். படித்தால் சண்டைக்கு இழுப்பதுபோல் இருந்தது. அழித்துவிட்டு இப்படி எழுதினார்:

“பெரியத்தை, ஞாயித்துக்கிழமை நீங்க வர்றது சந்தோஷம். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை பாப்பா 11.20-க்குத்தான் தூங்கினா. 11.45-க்கு எழுப்பிட்டோம். பத்து நிமிஷம் நல்லா சிரிச்சா, அதை நீங்க பார்த்தீங்க. மிச்சக் கதை நீங்க பஸ் ஏறின பிறகு நடந்தது. அசதியில பாதிப் பால் குடிச்சு மார்லயே தூங்கிட்டா. வயிறு நிறையாததால அரை மணியில எழுந்துட்டா. திரும்பப் பாதிப் பால், திரும்ப அரைத் தூக்கம். ஆறு மணிக்கு ஆரம்பிச்ச அழுகை ஒன்பதரைக்குத்தான் நின்னுச்சு. மத்தியானம் தூங்கி எழுந்தா மூணரைக்குப் பால் குடிப்பா. நாலு மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் யார்கிட்ட வேணும்னாலும் போவா. அப்ப வாங்க. அவ முழிச்சே உங்க மடியில இருக்கட்டும்.”

செய்தியில் அந்த 25 நிமிடக் கணக்குதான் முக்கியம். கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆழ்ந்த தூக்கம் ஒரு பங்கு, மேலோட்டமான தூக்கம் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு மேலோட்டமானதே கிட்டத்தட்டப் பாதி. மாதம் ஏற ஏறக் குறையும். அந்த நேரத்தில் குழந்தை சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், சிணுங்கும், காலை உதைக்கும். ‘நரி விரட்டுது’ என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். வந்தவர்களோ ‘முழிச்சிடுச்சு பாருங்க’ என்று தூளியை விலக்கித் தூக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குழந்தை விழித்திருக்காது. ஓரிரு நிமிடம் கை வைக்காமல் இருந்தால் அடுத்த சுற்றுக்குள் தானே போய்விடும். நிஜமாகவே விழித்தால் கண் திறந்தே இருக்கும், அழுகையும் விட்டுவிட்டு வராமல் ஏறிக்கொண்டே போகும்.

பெரியத்தை உடனே கூப்பிட்டார். “பகல்ல தூங்கவிட்டா ராத்திரி கொட்டக்கொட்ட முழிச்சிருக்கும்டி” என்றார். பெரியவர்களுக்கு இது பொருந்தலாம், இந்த வயதுக்குப் பொருந்தாது. மூன்றரை மாதக் குழந்தையால் ஒரே மூச்சில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். அதைத் தாண்டினால் களைத்துத் தூங்கும் என்றுதானே தோன்றும்? நடப்பது தலைகீழ். களைப்பு மீறினால் உடம்பு பரபரப்புக்குப் போய்விடுகிறது. முதுகை வளைக்கும், மார்பில் வாய் வைத்து வைத்து விலகும், தூளியில் போட்டதும் வீறிடும். அந்த ஆறு மணி அழுகைக்கு விதை 11.45-க்கே விழுந்துவிட்டது.

அடுத்த கேள்வி நியாயமானது. “பிறந்த புதுசுல நீயே மணி பார்த்து எழுப்பினியே?”

ஆமாம், எழுப்பினார், பாலுக்காக. முதல் நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறையும். பிறந்த எடையை மறுபடி எட்ட 10 முதல் 14 நாள் ஆகலாம். அதுவரை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுக்கத்தான் வேண்டும். மஞ்சள் காமாலை உள்ள குழந்தையும் குறைமாதக் குழந்தையும் பசித்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கலாம். அவர்களை எப்போது எழுப்புவது என்பதை டாக்டர் சொல்வார். நன்றாக எடை ஏறும் மூன்றரை மாதக் குழந்தைக்கு அது தேவையில்லை. ஆனால் வழக்கமாக எழும் நேரத்தில் எழாமல், தட்டினாலும் துவண்டு கிடந்து, பாலும் குடிக்காவிட்டால் அதைத் ‘நல்ல தூக்கம்’ என்று விடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெரியத்தை கேட்டது: “சரி, நாலு மணிக்கே வர்றோம். தூங்குறப்ப ஒரு போட்டோவாவது எடுத்து அனுப்பு.” ஃபிளாஷ் போடாமல் எடுத்து அனுப்பினார் மருமகள்.