உப்புக் கணக்கைக் கேளுங்கள்: தோல் ஆலைக்கு அனுமதி தரும் முன் ஊர் படிக்க வேண்டிய சுருக்க அறிக்கை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை ஊர்களைச் சொன்னாலே நம் நினைவுக்கு வருவது தோல் தொழில். நமது சமுதாயத்தில் பல குடும்பங்களுக்கு முதலாளி என்ற வகையிலும், பல குடும்பங்களுக்குத் தொழிலாளி என்ற வகையிலும் சோறு போட்ட தொழில் அது. அதே ஊர்களில் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போனதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆலையால் பிழைத்தவர்களும் நாம்தான். தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களும் நாம்தான்.

கடந்த 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் பகுதி தோல் ஆலைகள் குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதே பிரச்சினையில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. இழப்பு நேர்ந்த பிறகு நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனவே அனுமதி தருவதற்கு முன்பே என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம்.

பச்சைத் தோலைப் பதனிடும் புதிய ஆலைக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. அதன் பிறகு ஆலையை இயக்க மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் பெற வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படும் இடங்களில், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அது பார்வைக்கு வைக்கப்படும். படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அந்தச் சில பக்கங்கள்தான் நம் கைக்கு வரும் ஆயுதம்.

சுருக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடம். தமிழக அரசின் 1989ஆம் ஆண்டு அரசாணை, ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் ஆலைகளைத் தடை செய்கிறது. 1998ஆம் ஆண்டு அரசாணை பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளுக்கு இந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கியது. வரைபடத்தில் இந்தத் தூரம் தேறாவிட்டால் மற்றப் பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

தூரம் தேறியது என்று வைத்துக்கொள்வோம். தோல் தொழிற்பேட்டை ஒன்றில், நாளொன்றுக்கு 1 டன் தோலை 'வெட் புளூ' நிலை வரை பதனிடும் ஒரு சிறிய ஆலை வரப்போகிறது. சுருக்கத்தில் "கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு: உப்பு எங்கே போகும்?

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி தோலைச் சேகரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். தோல் அழுகாமல் இருக்க உடனே உப்புப் போட வேண்டும். வழக்கமாகத் தோல் எடையில் 40 சதவீதம் வரை, அதாவது 1 டன்னுக்கு 400 கிலோ. அதில் கொஞ்சம் வழியிலேயே நீராக வடிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் 300 கிலோ ஆலைக்குள் வருவதாகக் கொள்வோம். பிறகு, குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்தில் பக்குவப்படுத்தும்போது இன்னும் 80 கிலோ உப்பு சேர்க்கப்படும். ஆக, ஒரு நாளைக்கு 380 கிலோ. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 114 டன், அதாவது பத்து டன் லாரியில் பதினொரு லோடுக்கும் மேல்.

அழுகக்கூடிய கழிவைக் கிருமிகள் தின்றுவிடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அதைத்தான் செய்கிறது. ஆனால் உப்பைத் தின்னும் கிருமி கிடையாது. தண்ணீர் எவ்வளவு தெளிந்தாலும் உப்பு அதிலேயே கரைந்து நிற்கும். கழிவுநீர் நிலத்தில் விடப்பட்ட காலத்தில் பாலாற்றுப் படுகைக் கிணறுகளை உப்பாக்கியது இதுதான். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வெளியே விடக்கூடாது என்பது விதி.

இதைக் குறைக்கும் வழிகள் உண்டு. தண்ணீரில் போடும் முன் தோலை உதறுவது முதல் வழி. அதில் 60 கிலோ உலர் உப்பு உதிர்கிறது என்று கொள்வோம். அடுத்து, தோல் ஊறிய நீரையும் அமில உப்பு நீரையும் மற்றக் கழிவுநீரோடு கலக்காமல் தனி வாய்க்காலில் எடுக்க வேண்டும். இவை இரண்டும் நாளைக்கு சுமார் 7,000 லிட்டர். அதற்குள் ஏறத்தாழ 280 கிலோ உப்பு இருக்கும். லிட்டருக்கு 40 கிராம், கடல் நீரைவிடச் சற்றே அதிகம். எஞ்சிய 40 கிலோ மற்ற நீரோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்த நிலையத்தில் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கலமும் இருந்தால்தான் அதுவும் பிரியும்.

தனியே எடுத்த 7,000 லிட்டரை வெயிலில் காயவைக்கும் தொட்டிகளில் விடுவோம் என்று சுருக்கம் சொல்லும். தொட்டியின் பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல வெயிலில் உப்பு நீர் நாளைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரம்தான் ஆவியாகும் என்று கொண்டால், இவ்வளவு நீர் காய சுமார் 1,600 சதுர மீட்டர், அதாவது 40 சென்ட் நிலம் தேவை. வரைபடத்தில் 10 சென்ட்தான் காட்டியிருந்தால் மீதி நீர் எங்கோ போகப்போகிறது என்று பொருள். மழையையும் மறக்கக் கூடாது. 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 1,600 சதுர மீட்டர் தொட்டியில் 16,000 லிட்டர் சேர்ந்துவிடும். அது இரண்டு நாள் கழிவுநீரைவிட அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டி வழியாமல் இருக்க மேற்கூரையோ, கூடுதல் சேமிப்புத் தொட்டியோ, அந்த நாட்களில் உற்பத்தி நிறுத்தமோ வேண்டும். இந்த மூன்றில் எது என்பது அனுமதியில் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

காய்ந்த உப்புக்கும் ஒரு வழி சொல்லியாக வேண்டும். இரத்தமும் அழுக்கும் கலந்த அதை யாரும் எளிதில் வாங்குவதில்லை. திறந்தவெளியில் குவித்தால் அடுத்த மழையில் மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். சிமென்ட் தளம் போட்ட, கூரையுள்ள கிடங்கு இல்லாத திட்டம் பாதித் திட்டமே.

அடுத்தது குரோமியம். 1 டன் தோலுக்குச் சுமார் 80 கிலோ குரோம் உப்பு போடுவார்கள். அதில் குரோமியம் மட்டும் 13 கிலோவுக்குச் சற்று அதிகம். தோல் உறிஞ்சியது போக மூன்றில் ஒரு பங்கு அளவு நீரிலேயே தங்கும். அந்த நீரையும் தனியே பிடித்துக் காரம் சேர்த்தால் குரோமியம் படிந்துவிடும். அந்தப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் தோலுக்கே பயன்படுத்தலாம். இது பல ஆலைகளில் நடைமுறையில் உள்ளது. ஆலைக்கும் செலவு மிச்சம். பிடிக்காமல் எல்லாவற்றோடும் கலந்துவிட்டால், நாளைய மொத்தக் கழிவுநீரான 30,000 லிட்டரில் குரோமியம் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருக்கும். அனுமதிக்கப்பட்ட வரம்பு 2 மில்லிகிராம்தான். மீதமெல்லாம் கசடில் ஏறி, அந்தக் கசடை ஆபத்தான கழிவாக்கிவிடும்.

கசடு என்றால் சேறுதானே என்று யாரும் எளிதாக நினைத்துவிடக் கூடாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எனவே கசடு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த அங்கீகரிக்கப்பட்ட கிடங்குக்குப் போகும் என்பதையும், தொழிலாளர் தங்கும் இடம் தொட்டிகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேட்க வேண்டும்.

தொழிலாளி உயிர் சம்பந்தமாக இன்னொன்றும் உண்டு. முடி நீக்கப் பயன்படும் சுண்ணாம்பு நீரில் சல்பைடு இருக்கும். அது அமில நீரோடு தொட்டிக்குள் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு கிளம்பும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. தோல் ஆலைத் தொட்டிகளில் இறங்கியவர்கள் மயங்கிச் செத்தது இப்படித்தான். இரண்டு நீருக்கும் தனித்தனி வாய்க்கால், வாயு அளக்கும் கருவி, ஆள் இறங்காமல் இயந்திரத்தால் தூர்வாரும் ஏற்பாடு ஆகியவை சுருக்கத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும்.

அனுமதி கொடுத்த பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது? இரண்டு நிபந்தனைகளை ஊர் வற்புறுத்தலாம். முதலாவது, ஆலை தொடங்கும் முன்பே சுற்றிலும் மூன்று நான்கு கிணறுகளின் நீரைச் சோதித்து, கரைந்த உப்பு, குளோரைடு, குரோமியம் அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும். நிலத்தடி நீர் ஓடும் திசையில் ஆலைக்கு மேலேயும் கீழேயும் கிணறுகள் இருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால், பின்னால் கிணறு கெட்டாலும் "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட முடியும்.

இரண்டாவது, மாதாந்திர உப்புக் கணக்கு. நமது எடுத்துக்காட்டில் உதறியது 60, தொட்டியில் காய்ந்தது 280, ஆக நாளைக்கு 340 கிலோ ஆலையிலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாதம் 25 வேலை நாளுக்கு 8.5 டன், அதாவது 50 கிலோ மூட்டையாக 170 மூட்டை. மழைக்காலத்தில் குறைந்தால் அந்த நீர் சேமிப்புத் தொட்டியில் இருக்க வேண்டும். கிடங்கில் 40 மூட்டைதான் இருக்கிறது, அனுப்பிய ரசீதும் இல்லை என்றால், மீதி 130 மூட்டை உப்பு ஊர் மண்ணுக்குள் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். மூட்டையை எண்ணத் தெரிந்த இரண்டு பேர் போதும். ஜமாஅத்தும் ஊராட்சியும் சேர்ந்து அந்த இரண்டு பேரை உள்ளே அனுமதிக்கும் உரிமையைக் கேட்டு, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிய வைக்கட்டும். கணக்கு நேராக உள்ள முதலாளி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.